காராச்சேவுக் கணக்கு: 500 ரூபாய்க்குள் மறைந்திருக்கும் இரண்டு பத்தாயிரங்கள்

கேள்வி: எங்களுடையது காராச்சேவு மட்டும் செய்யும் சிறு தயாரிப்பகம். கடலை மாவு 60 கிலோ, அரிசி மாவு 20 கிலோ போட்டால் 100 கிலோ சேவு தேற வேண்டும், எண்ணெய் 30 கிலோ இழுக்கும் என்று அளவு வைத்திருக்கிறோம். தர விலை, அதாவது கணக்குக்காக முன்கூட்டியே நிர்ணயித்த விலை, கடலை மாவுக்கு 100 ரூபாய், அரிசி மாவுக்கு 50, எண்ணெய்க்கு 130. போன மாதம் கடலை மாவு 104 ரூபாய் ஆகிவிட்டதால் அரிசி மாவைக் கூட்டினோம் (அது 48 ரூபாய்க்குக் கிடைத்தது). செலவானது கடலை மாவு 2,800 கிலோ, அரிசி மாவு 1,200 கிலோ, எண்ணெய் 1,400 கிலோ. தேறியது 4,850 கிலோ. மாவுப் பயன்பாட்டில் 500 ரூபாய்தான் பாதகம் என்று கணக்கு காட்டுகிறது. சரக்கு மாஸ்டரோ மாவை மாற்றியதால்தான் சரக்கு குறைகிறது என்கிறார். கலவை மாறுபாடு, விளைவு மாறுபாடு என்று பிரித்தால் உண்மை தெரியுமா? எண்ணெயையும் கலவையில் சேர்க்க வேண்டுமா?

பதில்:

பிரித்தால் பெரும்பகுதி தெரியும். மாவை மாற்றியதோடு சரக்கும் குறைந்திருக்கிறது என்பது உங்கள் எண்களிலேயே இருக்கிறது. ஆனால் குறைந்த சரக்கு முழுவதும் நட்டமா என்பதை மாவுக் கணக்கு மட்டும் சொல்லாது. எண்ணெயைக் கலவைக்குள் சேர்க்காமல், தனிக் கணக்காகப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்பதே என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் விலையை வெளியே எடுத்து வைத்துவிடுவோம். கடலை மாவு கிலோவுக்கு 4 ரூபாய் கூடுதல், 2,800 கிலோவுக்கு 11,200 ரூபாய் பாதகம். அரிசி மாவு கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு, 1,200 கிலோவுக்கு 2,400 ரூபாய் சாதகம். நிகரமாக விலை மாறுபாடு 8,800 ரூபாய் பாதகம். இது சந்தையும் கொள்முதல் செய்பவரும் சம்பந்தப்பட்டது, அடுப்படிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இனி வரும் எல்லாக் கணக்கும் தர விலையில்தான் போட வேண்டும். 104 ரூபாயைக் கலவைக் கணக்கிலும் கொண்டுவந்து போடுவது பலர் செய்யும் பிழை. அப்படிப் போட்டால் ஒரே 4 ரூபாய் இரண்டு இடங்களில் ஏறிவிடும், கடைசியில் கூட்டுத்தொகை ஒத்துவராது.

இப்போது அந்த 500 ரூபாய். 4,850 கிலோ சேவுக்கு உங்கள் அளவின்படி 3,880 கிலோ மாவு போதும். அதில் கடலை 2,910, அரிசி 970. நீங்கள் போட்டது கடலை 2,800, அதாவது 110 கிலோ குறைவு, 11,000 ரூபாய் சாதகம். அரிசி 1,200, அதாவது 230 கிலோ அதிகம், 11,500 ரூபாய் பாதகம். நிகரம் 500 பாதகம். உங்கள் கணக்கு தவறில்லை. ஆனால் அது இரண்டு வேறு சம்பவங்களைக் கூட்டி ஒரே எண்ணாக்கிவிட்டது. அரிசி மாவு 230 கிலோ அதிகமாகப் போனதில் கடலை மாவுக்குப் பதிலாகப் போனது எவ்வளவு, சரக்காகத் தேறாமல் போனது எவ்வளவு என்பதற்கு அதில் விடை இல்லை.

அதைப் பிரிக்கத்தான் கலவை மாறுபாடு வருகிறது. நீங்கள் போட்ட மொத்த மாவு 4,000 கிலோ. அந்த 4,000 கிலோவை உங்கள் தர விகிதத்தில், முக்கால் கடலை, கால் அரிசி என்று போட்டிருந்தால் கடலை 3,000, அரிசி 1,000 ஆகியிருக்கும். 200 கிலோ கடலை மாவின் இடத்தில் 200 கிலோ அரிசி மாவு உட்கார்ந்திருக்கிறது. கடலையில் 20,000 ரூபாய் மிச்சம், அரிசியில் 10,000 ரூபாய் கூடுதல். எனவே கலவை மாறுபாடு 10,000 ரூபாய் சாதகம். மொத்த எடையை அப்படியே வைத்துக்கொண்டு விகிதத்தை மட்டும் ஒப்பிடுவதால், சரக்கு தேறியதா இல்லையா என்ற பேச்சே இந்தக் கணக்கில் கிடையாது.

அந்தப் பேச்சு விளைவு மாறுபாட்டில் வருகிறது. 80 கிலோ மாவுக்கு 100 கிலோ என்ற அளவில் 4,000 கிலோ மாவுக்கு 5,000 கிலோ சேவு தேறியிருக்க வேண்டும். தேறியது 4,850. குறைவு 150 கிலோ. ஒரு கிலோ சேவில் இருக்க வேண்டிய மாவின் தரச் செலவு 70 ரூபாய் (60 கிலோவுக்கு 6,000, 20 கிலோவுக்கு 1,000, சேர்ந்து 7,000, அதை 100 கிலோவால் வகுத்தால் 70). ஆக விளைவு மாறுபாடு 10,500 ரூபாய் பாதகம். கலவையில் 10,000 சாதகம், விளைவில் 10,500 பாதகம், நிகரம் 500 பாதகம். இங்கே கூட்டுத்தொகை ஒத்துவருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் எங்கோ நடப்பு விலை நுழைந்திருக்கிறது, அல்லது விகிதம் பிசகியிருக்கிறது.

வகுப்பில் சொல்லித்தரும் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். தயாரிப்பகத்தில் இதற்கு அப்பால்தான் வேலை இருக்கிறது. ஏனென்றால் இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்க்காத தனி எண்கள் அல்ல. மாவின் விகிதத்தை மாற்றினால் பிசைந்த மாவின் தன்மை மாறும், எண்ணெய் இழுப்பது மாறும், உடைவதும் மாறும். அதனால் கலவையில் 10,000 மிச்சம் பிடித்தவருக்குப் பாராட்டும், விளைவில் 10,500 இழந்த மாஸ்டருக்கு ஏச்சும் என்று பிரித்துக்கொடுத்தால் அது அநியாயம். கலவையை மாற்றச் சொன்னது யார் என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அது விலையைப் பார்த்து எடுத்த முடிவு. மாஸ்டர் எடுத்தது அல்ல. அந்த முடிவால் ஏற்பட்ட விளைவுக் குறைவும் முடிவெடுத்தவரின் கணக்கில்தான் சேர வேண்டும்.

அந்த 150 கிலோ எங்கே போனது என்று இனிப் பார்ப்போம். சேவின் எடை எதனால் ஆனது என்பதை நினைத்துப் பாருங்கள். பிசையும்போது ஊற்றும் தண்ணீர் எண்ணெயில் ஆவியாகப் போய்விடும். மாவிலேயே பத்து சதவீத அளவுக்கு இருந்த ஈரத்திலும் பெரும்பகுதி போய்விடும். அந்த இடத்துக்கு எண்ணெய் வருகிறது. 80 கிலோ மாவில் உலர்ந்த பொருள் சுமார் 72 கிலோ. அதோடு எண்ணெய் 30 கிலோ, மீந்த ஈரம் இரண்டு கிலோ அளவுக்குச் சேர்ந்து 104 கிலோ ஆகிறது. தூள், உடைசல், பாத்திரத்தில் ஒட்டியது எல்லாம் சேர்த்து 4 கிலோ கழித்தால் உங்கள் 100 கிலோ. உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு ஆகியவற்றை இங்கே விட்டுவிட்டேன். அவை மாவுக்கு மாற்றாகப் போகிறவை அல்ல, ஆகவே கலவை மாறுபாட்டில் அவற்றுக்கு இடமில்லை.

இந்தக் கண்ணோட்டத்தில் உங்கள் எண்ணெயைப் பாருங்கள். 4,000 கிலோ மாவுக்கு வழக்கப்படி 1,500 கிலோ எண்ணெய் இழுத்திருக்க வேண்டும். போனது 1,400. அரிசி மாவு கூடும்போது சேவு குறைவாக எண்ணெய் குடிப்பது இயல்பு. ஆக, குறைந்த 150 கிலோ சரக்கில் 100 கிலோ அளவுக்கு, உள்ளே போகாத எண்ணெய்தான். மாவு வீணாகிப் போனதால் அந்தக் குறைவு வரவில்லை. மீதி 50 கிலோவுக்குத்தான் நீங்கள் காரணம் தேட வேண்டும்.

உள்ளே போகாத எண்ணெய்க்குப் பணமும் மிச்சம். 4,850 கிலோ சேவுக்கு 100க்கு 30 என்ற அளவில் 1,455 கிலோ எண்ணெய் ஆகும். போனது 1,400. 55 கிலோவுக்கு, 130 ரூபாய் வீதம், 7,150 ரூபாய் சாதகம். மாவில் 500 பாதகம், எண்ணெயில் 7,150 சாதகம். மொத்தத்தில் 6,650 ரூபாய் சாதகம். மாவுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு “மாற்றியதால் பயனில்லை, 500 ரூபாய் நட்டம்” என்று முடிவெடுத்திருந்தால் அது தவறான முடிவு ஆகியிருக்கும்.

ஆனால் இந்த 7,150 ரூபாயை நம்புவதற்கு முன்பு எண்ணெய்க் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். டின்னில் வரும் எண்ணெய் லிட்டரிலா, கிலோவிலா? ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். 15 லிட்டர் டின்னை 15 கிலோ என்று பதிவேட்டில் எழுதினால், உண்மையில் இல்லாத எண்ணெய், டின்னுக்கு ஒரு கிலோவுக்கும் அதிகமாக, செலவில் ஏறும். அடுத்தது, மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் சட்டியில் கிடந்த எண்ணெயை அளந்தார்களா? மூன்றாவது, கழித்த எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த துருவச் சேர்மங்கள், பொரித்த எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இருக்கிறது. அப்படிக் கழித்து, எடுத்துச் செல்பவரிடம் கொடுத்த எண்ணெயைச் சேவு இழுத்த எண்ணெயோடு சேர்த்து எழுதினால் எல்லாமே குழம்பும். சேவு இழுத்தது தனி, கழித்தது தனி என்று இரண்டு வரிகள் வேண்டும்.

மீதி 50 கிலோவுக்கு நான் முதலில் சந்தேகிப்பது அடுப்படியை அல்ல, பாக்கெட் போடும் மேசையை. 4,850 கிலோ என்ற எண் எப்படி வந்தது? 200 கிராம் பாக்கெட் 24,250 என்று எண்ணிப் பெருக்கியதா? அப்படியானால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் சராசரியாக 2 கிராம் கூடுதலாக விழுந்திருந்தாலே 48 கிலோவுக்கு மேல் கணக்கில் காணாமல் போகும். எடை குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் 2 கிராம் தாராளமாகப் போடுவது மிகச் சாதாரணம். பொரித்து வடிந்து ஆறிய சேவை, பாக்கெட் போடும் முன்பே தட்டு தட்டாக எடை போட்டுக் குறித்துக்கொண்டால்தான் விளைவு மாறுபாடு அடுப்படியைப் பற்றிப் பேசும். இல்லையென்றால் பாக்கெட் மேசையின் தாராளத்துக்கு மாஸ்டர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். தூளையும் உடைசலையும் தினமும் எடை போடுங்கள். அரிசி மாவு கூடினால் சேவு விறைப்பாகி உடைவது கூடும். 100 கிலோவுக்கு 4 கிலோ என்ற அளவு 5 கிலோவாக ஏறியிருந்தால் அதுவே இன்னொரு 50 கிலோ.

எண்ணெயைக் கலவையில் சேர்ப்பது பற்றி. சேர்க்க முடியாதா என்றால், முடியும். மூன்று பொருள்களாக எடுத்துக்கொண்டு 60, 20, 30 என்ற விகிதத்தில் உங்கள் 5,400 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் கலவை மாறுபாடு 13,091 ரூபாய் சாதகம், விளைவு மாறுபாடு 6,441 ரூபாய் பாதகம் என்று வரும். நிகரம் அதே 6,650 சாதகம். சரக்குக் குறைவு 150 கிலோவுக்குப் பதில் 59 கிலோவாகத் தெரியும். கணிதத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் பிசையும் பாத்திரத்தில் யாரும் 30 கிலோ எண்ணெயை அளந்து ஊற்றிக் கலப்பதில்லை. எண்ணெய் எவ்வளவு உள்ளே போகும் என்பதைச் சூடும், மாவின் பதமும், சட்டியில் கிடக்கும் நேரமும் தீர்மானிக்கின்றன. அதைக் “கலவை” என்ற தலைப்பில் போட்டால், விகிதம் வகுத்தவரின் முடிவும் அடுப்பில் நிற்பவரின் கைத்திறனும் ஒரே எண்ணுக்குள் போய்விடும். இரண்டு மாவுகளை மட்டும் கலவையாக வைத்து, எண்ணெயைத் தனிப் பயன்பாட்டு மாறுபாடாகக் காட்டுவதையே நான் விரும்புகிறேன். எந்த வழியை எடுத்தாலும் மாதத்துக்கு மாதம் மாற்றாதீர்கள். போன மாதத்தோடு ஒப்பிடவே முடியாமல் போகும்.

எண்ணெயைத் தனியாகக் கவனிக்க இன்னொரு காரணம், எனக்கு இதுதான் முக்கியமானது. விளைவு மாறுபாடு சாதகமாக வரும் மாதங்களில்தான் நீங்கள் அதிகம் பயப்பட வேண்டும். எண்ணெய் சரியாகக் காயாமல் பிழிந்தால் சேவு எண்ணெயைக் குடித்துக் கனக்கும். 4,000 கிலோ மாவில் 1,600 கிலோ எண்ணெய் ஏறி 5,100 கிலோ சரக்கு வந்தால் விளைவு மாறுபாடு 7,000 ரூபாய் சாதகம் என்று அறிக்கை அழகாகக் காட்டும். அதே மாதத்தில் எண்ணெய் மாறுபாடு 70 கிலோவுக்கு 9,100 ரூபாய் பாதகம் என்பதை யாரும் அதோடு சேர்த்துப் படிக்கவில்லை என்றால் மாஸ்டருக்கு ஊக்கத்தொகைகூடக் கிடைத்துவிடும். கடையில் அந்தச் சேவு பாக்கெட்டின் உட்பக்கமெல்லாம் எண்ணெய் பூசி, சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும். இன்னொரு வழியும் இருக்கிறது. சத்தம் அடங்கும் முன்பே சேவை அள்ளிவிட்டால் உள்ளே ஈரம் தங்கி எடை கூடும். அதுவும் சாதகம் என்றே தெரியும். ஆனால் சரக்கு சில நாளில் நமுத்துப்போய்த் திரும்பி வரும். திரும்பி வந்த சரக்கு அடுத்த மாதக் கணக்கில் வேறொரு தலைப்பில் விழுவதால் இரண்டையும் இணைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. விளைவு சாதகமாக இருக்கும் மாதத்தில் எண்ணெய்க் கணக்கையும், அந்த மாதத்துச் சரக்கிலிருந்து திரும்பி வந்ததையும் கட்டாயம் பாருங்கள்.

கலவை மாறுபாடு சுத்தமாகப் பூஜ்யமாக இருந்து, விளைவு மட்டும் மோசமாக வந்தால் மாவு அரைத்துக் கொடுத்த இடத்தைப் பாருங்கள். கடலை மாவில் விலை மலிவான பட்டாணி மாவு கலப்பது தெரிந்த கலப்படம். உங்கள் பதிவேட்டில் 3,000 கிலோ கடலை மாவு என்று இருக்கும், சட்டிக்குள் போனது வேறாக இருக்கும். கலவை மாறுபாடு பதிவேட்டைத்தான் படிக்கும், மூட்டைக்குள் இருப்பதைப் படிக்காது.

விளைவுக் குறைவின் விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 150 கிலோவுக்கு 70 ரூபாய் என்பது மாவின் செலவு மட்டுமே. 4,000 கிலோ மாவைப் பிசைந்து, தேய்த்து, பொரித்த கூலியும் எரிவாயுவும் 5,000 கிலோவுக்கான அளவில் செலவாகிவிட்டன, வந்த சரக்கோ 4,850. எரிவாயுவும் ஆட்கூலியும் உங்களுக்குப் பெரிய செலவாக இருந்தால், 6,650 ரூபாய் சாதகம் என்பதில் ஒரு பகுதி அங்கே கரைந்திருக்கும். அதை உங்கள் சொந்த எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

70க்கு 30 என்ற புதிய விகிதத்தையே தொடரப் போகிறீர்கள் என்றால் தர அளவையும் மாற்றிவிடுங்கள். பழைய அளவையே வைத்துக்கொண்டால் மாதாமாதம் அதே 10,000 சாதகமும் அதே அளவு பாதகமும் வரும், ஓரிரு மாதத்தில் யாரும் அந்த வரிகளைப் படிக்க மாட்டார்கள். அப்புறம் நிஜமாக ஏதாவது நடந்தாலும் தெரியாது. புதிய அளவைக் காகிதத்தில் யோசித்து எழுதாதீர்கள். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த மாவில், அதே மாஸ்டர் கையில், ஒரு முறை 60க்கு 20 என்றும் இன்னொரு முறை 56க்கு 24 என்றும் போட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள். எண்ணெயின் சூட்டை வெப்பமானியால் அளந்து இரண்டு முறையும் ஒரே அளவில், 170 முதல் 180 டிகிரிக்குள் வைத்திருங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு எடை வேண்டும்: பொரிக்கும் முன்பு சட்டியோடு எண்ணெய், பொரித்த பிறகு சட்டியோடு எண்ணெய், ஆறிய சேவு, சலித்த தூள். ஒரு தடவையை நம்பாமல் சில நாள் விட்டு மறுபடியும் செய்யுங்கள், மழை நாளில் மாவின் ஈரமே வேறாக இருக்கும்.

போன மாதத்து எண்களின்படி, 80 கிலோ மாவுக்குப் புதிய விகிதம் 97 கிலோ சேவும் 28 கிலோ எண்ணெயும் காட்டியது. சோதனையில் 98 கிலோ தேறினால் மாவை மாற்றியது எண்ணெயை மட்டுமே குறைத்திருக்கிறது, அந்த 50 கிலோவுக்குப் பாக்கெட் மேசையைக் கேளுங்கள். 97தான் வந்து, தூளும் ஒரு கிலோ கூடியிருந்தால் மாஸ்டர் சொன்னது முழுக்கச் சரி. அப்போது 97ஐயே புதிய அளவாக எழுதிக்கொண்டு, எண்ணெயையும் 28 என்று திருத்திவிடுங்கள்.